"யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றால் அதில் நாம் அடக்கமா?

கேள்வி: பண்பாட்டுப் பின்னடைவு என்று பாடத்தில் வருகிறது. தாத்தா பாட்டிக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியாமல் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்களே, அதுதான் பின்னடைவா? ஒரு வீட்டை வைத்தே விளக்க முடியுமா?

அது அல்ல. ஆனால் உங்கள் மேல் தப்பில்லை, இந்தச் சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது. பின்னடைவு என்று கேட்டதும் யாரோ பின்தங்கி நிற்கிறார், அவரைக் கைபிடித்து இழுத்து வர வேண்டும் என்றுதான் மனதில் படம் வருகிறது. இருபது வருடமாகச் சமூகவியல் பாடம் எடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் விடைத்தாளில் முதலில் எழுதுவதும் இதையே: "முதியோர் தொழில்நுட்பத்தில் பின்தங்கியிருப்பது பண்பாட்டுப் பின்னடைவு ஆகும்." பின்தங்குவது மனிதர் அல்ல, விதி. ஒரு பொருள் மாறிவிடுகிறது, அந்தப் பொருளைச் சுற்றி நாம் வைத்திருந்த பழக்கமும் மரியாதையும் சட்டமும் பழைய பொருளுக்குப் பொருந்தியபடியே நிற்கின்றன. அந்த இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர்.

பெயர் வைத்தவர் வில்லியம் ஆக்பர்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1922இல் வெளியான புத்தகத்தில். அவர் சொன்ன முக்கியமான உதாரணம் தொழிற்சாலை விபத்து. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் போன் விஷயம் முழுக்க அதே அச்சில்தான் நடக்கிறது. சிறு பட்டறைக் காலத்தில் முதலாளியும் நாலைந்து தொழிலாளிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கைக்கருவிகளால் வேலை பார்த்தார்கள். அடிபட்டால் பெரும்பாலும் அடிபட்டவரின் கவனக்குறைவு, அல்லது பக்கத்தில் இருந்தவரின் கவனக்குறைவு. அதனால் சட்டமும் அப்படியே இருந்தது: சக தொழிலாளியால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை, ஆபத்து தெரிந்தேதான் வேலைக்கு வந்தாய், உன் தப்பும் இருந்தால் இழப்பீடு இல்லை. பட்டறைக்கு அது ஓரளவு பொருந்திய சட்டம். 1870 வாக்கில் பெரிய இயந்திரங்கள் நிறைந்த ஆலைகள் பெருகிவிட்டன. அங்கே ஒருவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எப்போதோ கை போகும், அது அந்த வேலை முறையிலேயே உள்ள ஆபத்து. ஆனால் நீதிமன்றம் பட்டறைச் சட்டத்தையே ஆலைக்கும் போட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் அமெரிக்காவில் வரத் தொடங்கியது 1910ஐ ஒட்டித்தான். நடுவில் சுமார் நாற்பது வருடம், கை போனவர்களும் அவர்கள் குடும்பங்களும் அந்த இடைவெளியின் செலவைச் சுமந்தார்கள். இதில் தொழிலாளிக்கு இயந்திரம் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? நன்றாகவே தெரியும். பின்தங்கியது சட்டம்.

பிற்காலத்தில், 1957இல், ஆக்பர்ன் இதை இன்னும் இறுக்கிக் கட்டினார். கண்டதையெல்லாம் பின்னடைவு என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்ததால், நான்கு விஷயங்களைக் காட்டினால்தான் அது பின்னடைவு என்றார். ஒன்றோடொன்று தொடர்புள்ள இரண்டு பகுதிகளைக் காட்ட வேண்டும். முன்பு அவை பொருந்தியிருந்தன என்று காட்ட வேண்டும். எப்போது ஒன்று மாறியது, மற்றது மாறவில்லை அல்லது குறைவாக மாறியது என்று தேதியோடு காட்ட வேண்டும். அதனால் பொருத்தம் முன்பைவிடக் குறைந்துவிட்டது என்றும் காட்ட வேண்டும். இந்த நான்கும்தான் என் கையில் உள்ள அளவுகோல். இதை எங்கள் வீட்டின் மேல் வைத்துப் பார்க்கிறேன். வீட்டில் என் அப்பா, வயது 76, அம்மா, என் மனைவி, பள்ளியில் படிக்கும் என் மகள், நான்.

முன்பு இருந்த பொருத்தத்திலிருந்து தொடங்குகிறேன், அதை யாரும் எழுதுவதே இல்லை. எங்கள் வீட்டில் தரைவழித் தொலைபேசி நடுக்கூடத்தில் ஒரு முக்காலி மேல் இருந்தது. அது யாருடைய போனும் இல்லை, வீட்டின் போன். மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார், எடுக்காமல் விடுவது அழைத்தவருக்கு அவமரியாதை. பேசுவது கூடத்தில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். அழைத்தவர் யார் என்பது குரலில் தெரிந்துவிடும், குரல் பிடிபடாவிட்டால் "யார் பேசறது?" என்று கேட்பது குற்றமில்லை. கடிதமும் அப்படித்தான், கையெழுத்தைப் பார்த்தால் மாமா எழுதினதா சித்தப்பா எழுதினதா என்று உறையைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடலாம். பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. ரகசியம் என்றாலே வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்தது, வெளியில் யாருக்கும் தெரியாதது. அந்த வீட்டுக்குள் என்ற வட்டத்தில் அப்பாவின் நாற்பது வருட நண்பர் ஒருவரும் இருந்தார், அவர் வந்தால் நேரே சமையலறை வரை போவார்.

இதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்த விதிகள் அல்ல. ஆனால் அந்தக் கருவிக்கு அவை கச்சிதமாகப் பொருந்தின, பத்திரமாகவும் இருந்தன.

2017இல் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் தரைவழி இணைப்பை எடுத்துவிட்டோம். அப்பா வேகமாகக் கற்றுக்கொண்டார். வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவார், காலையில் செய்தி படிப்பார், கைப்பேசியிலேயே பணம் அனுப்பவும் பழகிவிட்டார். அதனால் அவரைப் பின்தங்கியவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கூடத்துப் போனுக்கு இருந்த விதிகளையும் அவர் அப்படியே இந்தக் கருவிக்குள் கொண்டுவந்துவிட்டார், நாங்களும் கொண்டுவந்துவிட்டோம். அவருடைய திரைப்பூட்டு எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் போனுக்குப் பூட்டே கிடையாது. இதில் எதையும் நான் அன்று தப்பாக நினைக்கவில்லை, ஒரே வீடுதானே என்று விட்டுவிட்டேன்.

2022இல் ஒரு மாலை அப்பாவுக்கு அந்த நண்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நண்பரின் பெயர், நண்பரின் படம். "தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் கோடு ஒன்று போய்விட்டது, அவசரம், அதை எனக்கு அனுப்புங்கள்." பார்த்தால் குறுஞ்செய்தியில் உண்மையாகவே ஆறு இலக்கம் வந்திருந்தது. அப்பா அனுப்பிவிட்டார். சில நிமிடத்தில் அவருடைய வாட்ஸ்அப் அவர் கையிலிருந்து வெளியேறியது, கொஞ்ச நேரத்தில் எங்கள் உறவினர்கள் பலருக்கும் அப்பா பெயரில் "அவசரமாகக் கொஞ்சம் பணம் வேண்டும்" என்று செய்தி போனது.

உள்ளே நடந்தது இதுதான். நண்பரின் கணக்கை ஏற்கெனவே யாரோ பிடித்துவிட்டார்கள். பிடித்தவர் தன் போனில் வாட்ஸ்அப்பை நிறுவி, எண் கேட்கும் இடத்தில் அப்பாவின் எண்ணைப் போட்டார். இந்த எண் உன்னுடையதுதானா என்று சரிபார்க்கச் செயலி ஆறு இலக்கத்தை அந்த எண்ணுக்கே அனுப்பும், அதாவது அப்பாவின் போனுக்கு. அந்த எண் கையில் இருப்பவர்தான் சொந்தக்காரர் என்பது அந்த அமைப்பின் ஒரே நம்பிக்கை. அப்பா அதை அனுப்பியதும் கணக்கு இடம் மாறிவிட்டது.

மீட்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். அப்பாவின் போனிலேயே அதே எண்ணை மறுபடி பதிவு செய்தோம், புது ஆறு இலக்கம் வந்தது, அதை உள்ளிட்டவுடன் அந்த ஆள் வெளியேற்றப்பட்டார். சில சமயம் பிடித்தவர் இரண்டாவதாக ஒரு இரகசிய எண்ணையும் வைத்துவிடுவார், அப்படியானால் அந்த எண் தெரியாமல் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும்; ஆனாலும் ஆறு இலக்கத்தை உள்ளிட்ட கணத்திலேயே அவர் வெளியே போய்விடுகிறார், அது ஒரு ஆறுதல். பழைய உரையாடல்கள் போனில்தான் சேமிக்கப்பட்டிருப்பதால் அவரால் அவற்றைப் படிக்க முடியாது. குழுக்களையும் புதிதாக வரும் செய்திகளையும்தான் பார்க்க முடியும். கணக்கு திரும்பியதும் Linked devices பகுதியில் தெரியாத கருவி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தோம், பிறகு Two-step verification என்பதில் நாங்களே ஒரு இரகசிய எண்ணை வைத்தோம்.

அன்று இரவு என் மகள் கேட்டாள்: "தாத்தா, அந்த மெசேஜிலேயே இதை யாரிடமும் பகிராதீர்கள் என்று போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா?" அப்பா சொன்ன பதிலை நான் வகுப்பில் இன்றைக்கும் சொல்கிறேன். "படிச்சேம்மா. யாரிடமும் சொல்லாதேன்னா வெளியாள் யாரிடமும்னுதானே அர்த்தம்? அவன் என்ன வெளியாளா?"

இந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, படித்தார், புரிந்துகொண்டார், அவருக்குத் தெரிந்த விதிப்படி சரியாகவே நடந்தார். அவர் வளர்ந்த பண்பாட்டில் "யாரிடமும்" என்ற சொல்லுக்கு ஒரு எல்லை உண்டு. "இதை யாரிடமும் சொல்லாதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும்போது மனைவிக்கும் உயிர் நண்பனுக்கும் தெரியக் கூடாது என்று அவர்கள் நினைப்பதில்லை. ரகசியத்தின் அலகு குடும்பம். அந்தக் கருவியோ ரகசியத்தின் அலகு தனி ஆள் என்று வைத்துக் கட்டப்பட்டது, அதன் அகராதியில் "யாரிடமும்" என்றால் மனைவி, மகன், பேத்தி, நாற்பது வருட நண்பன், செயலி நிறுவனத்தின் ஊழியர் என்று சொல்லிக்கொள்பவர் எல்லோரும் சேர்த்தி. கருவியின் அலகு மாறிவிட்டது, வீட்டின் அலகு மாறவில்லை.

இப்போது ஆக்பர்னின் நான்கையும் வைத்துப் பாருங்கள். தொடர்புள்ள இரண்டு பகுதிகள்: தகவல் கருவி ஒன்று, யாரை எப்படி நம்புவது என்ற வீட்டு விதி இன்னொன்று. முன்பு பொருந்தியதா? குரலும் கையெழுத்தும் அடையாளமாக இருந்தவரை நண்பன் சொன்னால் நம்பலாம் என்பது நல்ல விதி, அதனால் எங்கள் வீட்டில் ஒருவரும் ஏமாந்ததில்லை. தேதி: கருவி 2017இல் மாறியது, விதி 2022 வரை தொடப்படவே இல்லை, ஐந்து வருடம். பொருத்தம் குறைந்ததா? குறைந்தது. அதற்கான விலையை அப்பா மட்டும் கொடுக்கவில்லை, அவர் பெயரை நம்பிப் பணம் அனுப்பிய ஒரு உறவினரும் கொடுத்தார். நான்கும் இருக்கிறது, இது அசல் பின்னடைவு.

அப்பாவுக்கு வயதானதால்தான் இப்படி ஆனது என்று மகள் நினைத்தாள். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். சில மாதம் கழித்து அவள் அழுதுகொண்டு வந்தாள். தன்னுடைய ஒரு கணக்கின் கடவுச்சொல்லை நெருங்கிய தோழியிடம் கொடுத்திருந்தாள், தோழியும் அவளுடையதை இவளிடம் கொடுத்திருந்தாள், அது அவர்களுக்குள் நட்பின் அடையாளமாம். இருவருக்கும் சண்டை வந்தது. இவளுடைய செய்திகள் வகுப்பில் பாதிப் பேர் கைக்குப் போய்விட்டன. "ஏன் கொடுத்தாய்" என்று கேட்டேன். "அவ என் பெஸ்ட் ஃப்ரெண்ட்ப்பா, அவகிட்ட என்ன மறைக்கறது?" என்றாள். அறையில் இருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். 76 வயதுக்காரரும் பேத்தியும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். அவள் கருவியோடு பிறந்தவள், கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்வாள். ஆனால் நெருக்கமானவரிடம் பூட்டு வைத்துக்கொள்வது அந்த நெருக்கத்துக்கு அவமானம் என்ற விதியை அவளும் இந்த வீட்டிலிருந்தே கற்றிருக்கிறாள். அதை நாங்கள் மாற்றவில்லை என்றால் அவளுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அதனால்தான் இளைஞர்கள் முன்னே, முதியவர்கள் பின்னே என்று பின்னடைவை வயதால் பிரிப்பது தப்பு என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒரே வீட்டு விதிக்குள் மூன்று தலைமுறையும் இருக்கிறது.

சரி, பின்னடைவு அல்லாததையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடுவோம்.

அம்மாவுக்குத் திரையில் அழுத்திப் பிடிப்பது வராது. சில நேரம் தொட்டாலும் போன் கண்டுகொள்ளாது, சில நேரம் ஒரு தட்டலை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு எதையோ திறந்துவிடும். மகள் "பாட்டிக்கு வராது" என்று போனை வாங்கிக்கொள்வாள். இதில் பண்பாடு எதுவும் இல்லை. அந்தத் திரை விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது, வயதானால் தோல் உலர்ந்துபோகும், உலர்ந்த விரலைத் திரை சரியாக உணராது. விரல் மெதுவாக எழுவதால் தட்டல் நீண்ட அழுத்தம் ஆகிவிடுகிறது. ஆண்ட்ராய்டில் Accessibility என்ற அமைப்புக்குள் Touch & hold delay என்று ஒன்று உண்டு, அதை நீளமாக வைத்தோம், விரலைக் கொஞ்சம் ஈரப்படுத்திக்கொள்ளச் சொன்னோம், பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. உடலுக்கும் கருவியின் வடிவமைப்புக்கும் உள்ள பொருத்தமின்மை அது. அதைப் போய் "பழைய தலைமுறையின் மனநிலை" என்று எழுதினால் அநியாயம்.

இன்னொன்று, முன்னறிவிப்பில்லாமல் அழைப்பது. அப்பாவுக்கு அழைப்புதான் மரியாதை, செய்தி அனுப்புவது ஆளைத் தவிர்ப்பது. மகளுக்கு நேர்மாறு: முதலில் செய்தியில் "பேசலாமா" என்று கேட்க வேண்டும், திடீரென அழைத்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவாள். இதையும் பின்னடைவு என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு விதியும் இதே கருவியில் வேலை செய்கிறது, இரண்டாலும் யாருக்கும் இழப்பில்லை, நான்காவது நிபந்தனை நிறைவேறவில்லை. இரண்டு தலைமுறையின் ரசனை வேறுபாடு, அவ்வளவுதான். பேசித் தீர்த்துக்கொள்ளலாம், தீராவிட்டாலும் குடி முழுகாது.

இனி அந்த அசல் இடைவெளியை எப்படி மூடினோம் என்பது. முதலில் நான் செய்தது தப்பு. அப்பாவை உட்கார வைத்து மோசடி வகைகளைப் பட்டியல் போட்டுச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் என் தங்கை அழைத்து ஏதோ ஒரு கோடு கேட்டபோது (அது உண்மையிலேயே அவள்தான், அவள் வேலைக்காக) யோசிக்காமல் சொல்லிவிட்டார். கேட்டால், "அவ கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குக் குறைவாக இருந்தது தகவல் அல்ல. மறுப்பதற்கு ஒரு மரியாதையான வழி இல்லை. சொந்த மகளிடம் மாட்டேன் என்பது அவருடைய உலகத்தில் உறவை முறிக்கிற சொல், எந்த எச்சரிக்கைச் செய்தியும் அதைத் தாண்டி உள்ளே போகாது.

அதனால் விதியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது, அதுவும் எல்லோருக்குமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். போனுக்கு வரும் எண்ணை யார் கேட்டாலும், நானே கேட்டாலும், கொடுப்பதில்லை. பணம் கேட்டுச் செய்தி வந்தால் பதில் போடாமல், ஏற்கெனவே நமக்குத் தெரிந்த எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்க வேண்டும். இது இரண்டையும்விட முக்கியமானது மூன்றாவது: மறுத்தவர்மேல் யாரும் வருத்தப்படக் கூடாது, மறுத்தால் "நல்லது" என்று சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் நிற்காது. உறவினர்களுக்கும் இதைச் சொல்லி வைத்தோம், அப்போதுதான் அப்பா மறுக்கும்போது அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பிறகு பழக்கம். மகள் இதைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாரம் ஒருமுறை ஏதாவது காரணம் சொல்லித் தாத்தாவிடம் கோடு கேட்பாள். "தாத்தா, ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு, சீக்கிரம்!" முதல் இரண்டு முறை அவர் சொல்லிவிட்டார். மூன்றாவது முறை "முடியாது கண்ணு" என்றார், அவள் கைதட்டினாள். பேத்தியிடம் மறுத்துப் பழகியது அவருக்கு உண்மையான மறுப்பை எளிதாக்கியது. பதிலுக்கு அவரும் அவளிடம் கடவுச்சொல் கேட்டுப் பார்ப்பார். அவளுக்கும் அது தேவைப்பட்டது.

மானுடவியலாளர் மார்கரெட் மீட் 1970இல் இதை ஒட்டிய ஒன்றைச் சொன்னார். மாற்றம் மெதுவாக இருக்கும் சமூகத்தில் இளையவர்கள் பெரியவர்களிடம் கற்கிறார்கள், கொஞ்சம் வேகமானால் ஒத்த வயதினர் ஒருவரிடம் ஒருவர் கற்கிறார்கள், மிக வேகமானால் பெரியவர்கள் இளையவர்களிடம் கற்கிறார்கள் என்று. போன் விஷயத்தில் இது பாதி சரி. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைப் பேத்தி தாத்தாவுக்குச் சொல்லித் தருகிறாள். ஆனால் அந்தக் கருவியோடு எப்படி நடந்துகொள்வது என்ற விதி அவளிடமும் இல்லை, அவளால் எப்படிக் கற்றுத் தர முடியும்? அதை இரண்டு பேரும் சேர்ந்துதான் உருவாக்க வேண்டியிருக்கிறது. பொத்தானைச் சொல்லித் தருவதிலும் ஒரு சிக்கல் உண்டு, அவள் போனை வாங்கி மூன்று நொடியில் முடித்துத் திருப்பித் தருவாள், அம்மா பார்த்தது அவளுடைய விரலை மட்டும். எங்கள் வீட்டில் இப்போது கற்றுத் தருபவர் போனைத் தொடக் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். அவளுக்கு அது பொறுமையைச் சோதிக்கிறது, ஆனால் அம்மாவுக்கு நிற்கிறது.

புகைப்படத்திலும் இதே கதைதான். அந்தக் காலத்தில் ஆல்பத்தை விருந்தாளிக்குக் காட்டுவோம், அவர் பார்த்துவிட்டு மடியிலிருந்து திருப்பித் தருவார், அதனால் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவை இருக்கவில்லை. அம்மா பேத்தி படத்தை உறவினர் குழுவில் போடும்போது மனதில் ஆல்பம்தான் இருக்கிறது. மகளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அவளே பாட்டி வாய் திறந்து தூங்குவதைப் படம் பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே விதி இப்போது, கேட்காமல் போடக் கூடாது.

இந்தக் கருத்தின் மேல் உள்ள நியாயமான குறையையும் சொல்லிவிடுகிறேன். கருவி எப்போதும் முன்னே ஓடுகிறது, மனிதர்கள் அதைத் துரத்த வேண்டும் என்று இது எண்ண வைக்கிறது. ஆக்பர்னே பிற்காலத்தில், எந்தப் பகுதி வேண்டுமானாலும் முதலில் மாறலாம், தொழில்நுட்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று தெளிவுபடுத்தினார். எங்கள் வீட்டிலேயே தலைகீழான ஒன்று இருக்கிறது. குடும்பத்தை ஒரே அலகாகப் பார்த்த பழைய விதி ஒரு இடத்தில் சரியாகவும் கருவி பின்தங்கியும் இருந்தது: ஒருவர் இறந்த பிறகு. பீரோ சாவி இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்த வீட்டில் யார் போனாலும் பத்திரமும் படங்களும் மிஞ்சும். தனி ஆளின் பூட்டு அவரோடு போய்விடுகிறது, உள்ளே இருக்கும் படங்களும் போய்விடுகின்றன. எங்கள் சித்தப்பா காலமானபோது அப்படித்தான் ஆயிற்று, சித்தி இன்றும் அந்தப் போனை அணையாமல் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார், திறக்க முடியவில்லை.

இங்கே மனிதர்கள் கருவிக்கு ஏற்ப மாறவில்லை, கருவிதான் பிறகு வந்து குடும்பத்துக்கு இடம் கொடுத்தது. கூகுள் 2013இல் Inactive Account Manager என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது, ஆப்பிள் 2021இல் Legacy Contact என்பதை. கூகுளின் ஏற்பாட்டில், கணக்கு இத்தனை மாதம் அசைவில்லாமல் கிடந்தால் நாம் சொல்லி வைத்தவருக்குத் தகவல் போகும், எதையெல்லாம் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் நாமே குறிக்கலாம். போன மாதம் அப்பாவும் மகளும் உட்கார்ந்து அதைச் செய்தார்கள். அவள் போனைத் தொடவில்லை, வாயால் மட்டும் சொன்னாள். எத்தனை மாதம் என்று கேட்டது, அப்பா மூன்று என்று வைத்தார், பெயரில் பேத்தியைப் போட்டார். சரிபார்ப்பு எண் வந்ததும் வழக்கம்போல "தாத்தா, அந்த நம்பர் என்ன?" என்று கேட்டாள். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தானே உள்ளிட்டார்.